குறிப்புத்தாளிலிருந்து வரவேற்புரை: நிறுவன விழாவுக்கு இரண்டு நிமிட உரை எழுதும் முறை

நிறுவன விழாக்களில் வரவேற்புரை ஆற்றும் பொறுப்பு பெரும்பாலும் மேடைப் பழக்கம் இல்லாத ஒருவருக்கே வந்து சேர்கிறது. விழாவுக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது மேலதிகாரி ஒரு தாளில் கிறுக்கியோ, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவோ சில செய்திகளைச் சொல்லி, "இதை நல்ல தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுவார். முதன்முறையாக எழுதுபவர் அந்தக் குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றி, ஏழு நிமிட உரை ஒன்றை ஆயத்தம் செய்துவிடுகிறார். சொற்கள் திருந்தியிருக்கும், ஆனால் உரை குறிப்பைப் போலவே அலைந்துகொண்டிருக்கும். மொழிமாற்றத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காக நான் எழுதிக் கொடுத்த உரையைக் கொண்டு அதை விளக்குகிறேன். பெயர்களை மட்டும் நீக்கிவிட்டேன்.

எனக்கு வந்த குறிப்பு இது:

"எல்லாருக்கும் வணக்கம் சொல்லணுங்க. சேர்மன் சார், எம்.டி. சார் இருப்பாங்க. மாவட்டத் தொழில் மையத்து ஜி.எம். மேடம்தான் சீஃப் கெஸ்ட், ரெண்டு தடவ டேட் மாத்தி கஷ்டப்பட்டு வர்றாங்க. பேங்க் சீஃப் மேனேஜரும் வர்றாரு, லோன் விசயத்துல நமக்கு ரொம்ப ஹெல்ப் பண்ணுனவரு, அதச் சொல்லியே ஆகணும். 99-ல கணபதில ஒரு தகரக் கொட்டாயி, ஒரே ஒரு லேத்து, நாலே பேரு. இப்ப 180 பேரு. அந்த நாலு பேருல லேத் ஓட்டுன ஒருத்தரு இன்னும் நம்மகிட்டத்தான் இருக்காரு, இந்த வருசம் ரிட்டையர் ஆகறாரு, அவருக்குச் செயின் போடறோம். கொரோனா டைம்ல ரெண்டு மாசம் ஷட்டர் போட்டோம், ஆனா ஒருத்தரக்கூட நிறுத்தல. டீலருங்க மதுரை, சேலம், பாலக்காட்ல இருந்தெல்லாம் வர்றாங்க. ஃபேமிலியெல்லாம் வருவாங்க, நைட் ஷிஃப்ட்டெல்லாம் பொறுத்துக்கிட்டாங்கல்ல. அடுத்த வருசம் புது யூனிட்டு, அத எம்.டி. சொல்லுவாரு, நாமளும் லேசாச் சொல்லிக்கலாம். சாப்பாடு இருக்கு, எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும். ஒரு குறள் போடுங்க. தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்கன்னு முடிச்சிருங்க."

இதை மோசமான குறிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த நிறுவனத்தின் கதை முழுவதும் இதில் இருக்கிறது. வரவேற்புரைக்கு வேண்டியதை விட நான்கு மடங்கு அதிகமாக இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

எது யாருடைய உரை?

முதலில் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த விழாவின் நிரல் இவ்வாறு இருந்தது: தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு ஏற்றுதல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பணியாளர்களைச் சிறப்பித்தல், நன்றியுரை, நாட்டுப்பண். நிரலை ஒரு பக்கத்திலும் குறிப்பை மறுபக்கத்திலும் வைத்துக்கொண்டு, குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது யாருக்கு உரிய செய்தி என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தால், பாதிக்கும் மேற்பட்ட வரிகள் தாமாகவே பிரிந்துவிடும்.

புதிய ஆலை பற்றிய அறிவிப்பு நிர்வாக இயக்குநருடையது. அதை "லேசாகச் சொல்லிக்கொள்வது" என்பது, அவர் அறிவிக்கும்போது கிடைக்க வேண்டிய கைதட்டலைப் பத்து நிமிடம் முன்னதாகவே செலவழித்துவிடுவதாகும். கொரோனாக் காலத்தில் ஒருவரைக்கூட வேலையிலிருந்து நிறுத்தவில்லை என்ற செய்தி இந்தக் குறிப்பிலேயே கனமான செய்தி. ஆனால் அந்த முடிவை எடுத்தவர் நிறுவனத் தலைவர். அதை அவர் தம் உரையில் தம் வாயால் சொல்லலாம், அல்லது சொல்லாமல் விடலாம். அவருக்கு முன்பாக வரவேற்பவர் சொன்னால் அது முகத்துக்கு நேரே செய்யும் புகழ்ச்சியாகிவிடும். சாப்பாட்டு அறிவிப்பு நிகழ்ச்சித் தொகுப்பாளருடையது. விழா தொடங்கி ஐந்தாவது நிமிடத்திலேயே உணவை நினைவூட்டினால் பின்னாலிருந்து கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கும் என்பது அனுபவம். "தவறு இருந்தால் மன்னியுங்கள்" என்பது நன்றியுரையின் இறுதியில் வருவது. இன்னும் எந்தத் தவறும் நிகழாதபோதே மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பிரித்தெடுத்த வரிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தலைமையுரைக்கு உரியவற்றைத் தனித்தாளில் எழுதித் தலைவரின் உதவியாளரிடமும், நன்றியுரைக்கு உரியவற்றை நன்றி கூறுபவரிடமும் அன்றே கொடுத்துவிட வேண்டும். குறிப்பு தந்த மேலதிகாரி, "நான் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டால், அது எங்கே போயிருக்கிறது என்று காட்டுவதற்கும் இது உதவும். எழுதத் தெரிந்தவர்கள்கூட இந்த ஒரு பதில் கையில் இல்லாமல்தான் எல்லாவற்றையும் உரையில் திணித்துவிடுகிறார்கள்.

குறளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரவேற்புரை என்றதும் திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தைப் புரட்டி, அனிச்ச மலரைச் சொல்லும் அதன் கடைசிக் குறளை எடுப்பது வழக்கமாகிவிட்டது. முகர்ந்தால் அனிச்சம் வாடும், நாம் முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவர் என்பது அதன் பொருள். விருந்து படைப்பவருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. அதை விருந்தினரைப் பார்த்தே வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர, வாழ்த்துரை வழங்குபவர்கள் எப்படியும் ஒரு குறளோடு வருவார்கள். எனவே இந்த உரையில் குறளைச் சேர்க்கவில்லை.

சொல்லக்கூடாத நன்றி

வங்கி மேலாளர் பற்றிய வரியைத் தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதிகம் இடறுவது இத்தகைய வரிகளில்தான். "லோன் விசயத்துல ரொம்ப ஹெல்ப் பண்ணுனவரு" என்பதை, "கடனுதவி பெறுவதில் பேருதவி புரிந்தவர்" என்று மாற்றினால் தமிழ் சரியாகிவிடும். ஆனால் மேடையில் அமர்ந்திருக்கும் அந்த அதிகாரிக்குத் தர்மசங்கடம் குறையாது. வங்கி விதிப்படி தகுதியைப் பார்த்துக் கடன் வழங்கியது. அதைத் தனிப்பட்ட உதவியாக ஒலிபெருக்கியில் சொன்னால், விதியைத் தாண்டிச் சலுகை காட்டியதுபோல் ஒலிக்கும். வந்திருக்கும் விற்பனையாளர்களுக்கும் நிறுவனத்தின் கடன் கதை தெரிய வேண்டியதில்லை. அரசு அலுவலர் பற்றியும் இவ்வாறே: உரிமம், மானியம், அனுமதி ஆகியவற்றில் "உதவினார்" என்று மேடையில் சொல்லவே கூடாது. அவர்களது பதவியும் இன்று அவர்கள் ஆற்றவிருக்கும் பணியும் சொல்லப்பட்டால் போதும்.

சிறப்பு விருந்தினர் இருமுறை தேதி மாற்றினார் என்பதும் இதே வகைதான். அதிலுள்ள உண்மை, அவருக்கு வேலை அதிகம் என்பது. "பல பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி" என்ற நான்கு சொற்களில் அது அடங்கிவிடுகிறது.

விளிப்பும் வரவேற்பும் ஒரே வரிசையில் இல்லை

உரையின் முதல் வாக்கியம் அவையை விளிப்பது. நடுப்பகுதி ஒவ்வொருவரையும் வரவேற்பது. இரண்டுக்கும் ஒரே வரிசை என்று பலர் எண்ணுகிறார்கள். விளிக்கும்போது விழாத் தலைவருக்கே முதலிடம், ஏனெனில் அவை அவருடைய தலைமையில் நடக்கிறது. ஆனால் வரவேற்கும்போது வெளியிலிருந்து வந்த விருந்தினர் முன்னால் வர வேண்டும். நிறுவனத் தலைவரும் நிர்வாக இயக்குநரும் வீட்டுக்காரர்கள், அவர்கள் பின்னால் வருவதே பண்பு. வீட்டு வாசலில் நின்று அப்பாவை முதலில் வாருங்கள் என்று அழைத்துவிட்டு, பிறகு விருந்தினரை அழைப்போமா? சில நிறுவனங்களில் வரவேற்பிலும் தலைவரே முதலில் வர வேண்டும் என்ற வழக்கம் இறுகியிருக்கும். அப்படியானால் வாதிடாமல் அந்த வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

பெயர்களை அழைப்பிதழின் படியைப் பார்த்து எழுதக்கூடாது. விருந்தினரின் அலுவலகத்தில் கேட்டு எழுத வேண்டும். தலைப்பெழுத்து, பெயரை ஒலிக்கும் முறை, இப்போதைய பதவி ஆகிய மூன்றையும் கேளுங்கள். அழைப்பிதழ் அச்சான பிறகு அரசு அலுவலர்களுக்கு மாறுதலோ பதவி உயர்வோ வருவதுண்டு என்பதால், விழா நாள் காலையில் பதவியை மட்டும் மறுபடி உறுதிசெய்துகொள்வது நல்லது. பெண் அலுவலரைத் திருமதி என்பதா செல்வி என்பதா என்ற தயக்கம் இருந்தால் 'திருமிகு' என்று எழுதலாம். மாண்புமிகு என்ற அடைமொழி அமைச்சர், நீதிபதி போன்றோருக்கு உரியது. மரியாதை கூடட்டும் என்று எல்லோருக்கும் சூட்டினால் கேட்பவர்கள் புன்னகைப்பார்கள்.

நம், எங்கள்

குறிப்பு முழுவதும் 'நம்ம' என்றே இருந்தது. பேச்சில் அது பொருந்தும், ஏனெனில் மேலதிகாரியும் நானும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். மேடையில் நின்றதும் அந்தச் சொல் கணக்குக் கேட்கத் தொடங்கும். 'நம்' என்றால் கேட்பவரும் அதனுள் அடங்குவார். 'எங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்பார். தொழில் மையத்தின் பொது மேலாளரைப் பார்த்து 'நம் அழைப்பை ஏற்று' என்று சொன்னால், அவரே தம்மை அழைத்துக்கொண்டதாகப் பொருள்படும். பணியாளரின் குடும்பத்தைப் பார்த்து 'எங்கள் நிறுவனம்' என்று சொன்னால், அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியதாகிவிடும்.

ஆகவே வரைவை எழுதி முடித்ததும் நம், நாம், எங்கள், நாங்கள் ஆகிய சொற்களை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று சரிபார்க்க வேண்டும். அவை முழுவதையும் பார்த்துப் பேசும் இடத்தில், பணியாளர்களும் விருந்தினரும் கலந்திருப்பதால், இரண்டுமே ஒரு பகுதியினருக்கு உறுத்தும். அங்கே 'இந்நிறுவனம்' என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன்.

எவ்வளவு தூரம் எழுத்துத் தமிழ்?

முறையான உரை என்பதற்காக ஆலையில் யாரும் சொல்லாத சொற்களைத் தேட வேண்டாம். 'லேத்து' என்பதை முதல் வரைவில் 'கடைசல் இயந்திரம்' என்று எழுதிப் பார்த்தேன். அகராதிப்படி அது சரிதான்; ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக அதை ஓட்டியவருக்கே அது தம்முடைய இயந்திரம் என்று உடனே விளங்காது. 'லேத் இயந்திரம்' என்று வைத்துக்கொண்டேன். பம்புசெட்டும் அப்படியே இருந்தது. மாறாக, 'டீலருங்க' என்பது விற்பனையாளர்கள் என்றும், 'நைட் ஷிஃப்ட்' என்பது இரவுப் பணி என்றும், 'ஃபேமிலி' என்பது குடும்பத்தினர் என்றும் எளிதாக மாறுகின்றன, கேட்பவர் எவருக்கும் தடுமாற்றம் இல்லை. வினைமுற்றுகள் முழுமையாக இருந்தால் உரைக்கு முறைமை தானாக வந்துவிடும். அதற்கு மேல் அடுக்குமொழியும் அடைமொழியும் சேர்த்தால் அரசியல் மேடையின் சாயல் வந்துவிடும்.

'வரவேற்கிறேன்' என்ற சொல் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை வந்தே தீரும். அதை ஒளிக்க முயன்று 'இருகரம் கூப்பி', 'அகமும் முகமும் மலர' என்று வேறுவேறு சொற்றொடர்களைத் தேடுவதைவிட, வாக்கியத்தின் முன்பகுதியை மாற்றுவது மேல். ஒருவர் ஏன் இங்கு வந்திருக்கிறார் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னால், முடியும் சொல் ஒன்றாக இருப்பது காதில் உறுத்தாது. 'வருக வருக' என்பதைக் கடைசி வரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு செய்தி

இவ்வளவையும் நீக்கிய பிறகு, விருந்தினர் பட்டியல் தவிர உரையில் மீந்தது ஒரு செய்திதான்: ஒரு கொட்டகை, ஒரு லேத், நான்கு பேர், அவர்களில் ஒருவர் இன்றும் பணியில் இருக்கிறார். வரவேற்புரையில் இதுபோன்ற ஒரு செய்திக்கு மட்டுமே இடம் உண்டு. அதனால் அதற்கு முழு இடத்தையும் கொடுக்கலாம். முதலில், 'கடின உழைப்பால் படிப்படியாக வளர்ந்து' என்று ஒரு தொடரை இடையில் எழுதியிருந்தேன். நான்கு பேர் என்பதற்கு அடுத்து நூற்று எண்பது பேர் என்று வந்தாலே வளர்ச்சி தெரிவதால் அதை நீக்கினேன்.

அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்வதா என்ற கேள்வி எழுந்தது. விழாவின் பிற்பகுதியில் அவரை மேடைக்கு அழைத்துத் தங்கச் சங்கிலி அணிவிக்கப் போகிறார்கள். வரவேற்புரையிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் அந்தத் தருணம் நீர்த்துப்போகும். பெயரைச் சொல்லாமல், அவர் அவையில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னால், பழைய பணியாளர்கள் திரும்பி அவரைப் பார்ப்பார்கள், மற்றவர்கள் யார் என்று கேட்பார்கள். ஓய்வு பெறுவதையும் சொல்லவில்லை. இப்படிக் குறிப்பிடுவதில் அவருக்கு ஒப்புதல்தானா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டோம்.

எழுதி முடித்த உரை

"விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, விற்பனையாளர்களே, உடன் பணிபுரியும் தோழர்களே, அவர்களுடைய குடும்பத்தினரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

1999ஆம் ஆண்டு, கணபதியில், ஒரு தகரக் கொட்டகையில், ஒரே ஒரு லேத் இயந்திரத்துடனும் நான்கு தொழிலாளர்களுடனும் இந்நிறுவனம் தொடங்கியது. இன்று இங்கு நூற்று எண்பது பேர் பணிபுரிகிறார்கள். அந்த நால்வருள் ஒருவர் இன்றும் பணியில் இருக்கிறார். இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் அமர்ந்திருக்கும் அவையில் நின்று, இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு உங்களை வரவேற்கும் வாய்ப்பைப் பெருமையாகக் கருதுகிறேன்.

எங்கள் அழைப்பை ஏற்று, பல பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி, சிறப்புரை ஆற்ற வருகை தந்துள்ள மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் திருமிகு ........ அவர்களை நிறுவனத்தின் சார்பில் வரவேற்கிறேன். வாழ்த்துரை வழங்க வந்துள்ள வங்கியின் முதன்மை மேலாளர் திரு. ........ அவர்களை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறேன். விழாவுக்குத் தலைமையேற்கும் எங்கள் நிறுவனத் தலைவர் திரு. ........ அவர்களையும், முன்னிலை வகிக்கும் நிர்வாக இயக்குநர் திரு. ........ அவர்களையும் பணியாளர்கள் அனைவரின் சார்பிலும் வரவேற்கிறேன்.

மதுரை, சேலம், பாலக்காடு உள்ளிட்ட ஊர்களிலிருந்து வந்திருக்கும் விற்பனையாளர்களே, எங்கள் பம்புசெட்டுகளை உழவர்களின் கிணற்றடி வரை கொண்டு சேர்ப்பவர்கள் நீங்கள். உங்களை அன்புடன் வரவேற்கிறேன்.

இரவுப் பணி முடிந்து நாங்கள் வீடு திரும்பும்வரை காத்திருந்த குடும்பத்தினரே, நம் நிறுவனத்தின் இருபத்தைந்து ஆண்டுகளில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்களையும், உடன் பணிபுரியும் தோழர்கள் ஒவ்வொருவரையும் வருக வருக என வரவேற்று அமர்கிறேன். வணக்கம்."

கடைசிப் பத்தியில் 'நாங்கள்' என்பதும் 'நம்' என்பதும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். இரவில் வேலை செய்தவர்கள் நாங்கள். நிறுவனமோ வீட்டிலிருந்தவர்களுக்கும் சேர்த்து நம்முடையது.

வாசித்துப் பார்ப்பதும் தாளை ஆயத்தம் செய்வதும்

பெயர்களையும் சேர்த்து இந்த உரை ஏறத்தாழ 150 சொற்கள். அரங்கில் நிதானமாகவும், பெயருக்குப் பெயர் சற்று நிறுத்தியும் வாசித்தால் இரண்டு நிமிடத்தை ஒட்டி வரும். இருக்கையில் அமர்ந்து மனத்துக்குள் படித்து அளக்கக்கூடாது. எழுந்து நின்று, உரக்க வாசித்து, கைப்பேசியில் நேரம் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை வாசிக்கும்போது மூச்சு முட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம், அல்லது எங்கே நிறுத்துவது என்று ஒரு கோடு இட்டுக்கொள்ளலாம். எண்கள் நாக்கைப் புரட்டும் என்பதால் 1999 என்பதன் மேல் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்று பென்சிலால் எழுதிக்கொள்வது பாதுகாப்பு. 180 என்பதை 'நூற்றி எண்பது' என்று சொல்லிப் பழகியவர்கள் 'நூற்று எண்பது' என்று இருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

உரையைப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். ஒரு வாக்கியம் ஒரு தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியக்கூடாது. பெயர்கள் வரும் மூன்றாம் பத்தி தனித்தாளில் இருக்கட்டும், ஏனெனில் கடைசி நேர மாற்றங்கள் எல்லாம் அங்கேதான் நிகழும். வராத ஒருவரை வரவேற்பதும், எதிர்பாராமல் மேடையேறிய ஒருவரை விட்டுவிடுவதும் வரவேற்புரையில் அடிக்கடி நிகழும் தவறுகள். விளக்கேற்றும்போது மேடையிலுள்ள நாற்காலிகளை எண்ணி, தாளிலுள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் விழாவில் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. தனித்தாளின் மாற்றுப் படி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தோம். அதில் 'வருகை தந்துள்ள' என்பதற்குப் பதிலாக 'வருகை தரவிருக்கும்' என்று இருந்தது. வரவேற்பவர் அந்தத் தாளை மாற்றி வைத்து வாசித்தார். முதல் வாக்கியத்தில் இருந்த 'சிறப்பு விருந்தினர் அவர்களே' என்ற விளியை மட்டும் மாற்றுப் படியில் கவனிக்க மறந்திருந்தோம். அது முதல் தாளில் இருந்தது. காலி நாற்காலியைப் பார்த்தபடி அவர் அதை வாசித்துவிட்டார். அதன் பிறகு நான் எழுதும் உரைகளில் முதல் தாளுக்கும் ஒரு மாற்றுப் படி இருக்கிறது.